சின்னம் இரண்டாகலாம், வாக்குறுதி இரண்டாகலாமா?

மேலை நாடுகளில் ஜூன் மாதம், பாலினச் சிறுபான்மையினரின் பெருமித மாதமாகக் கொண்டாடப்படுகிறது. அம்மாதத்தில் பல பன்னாட்டு நிறுவனங்கள் சமூக ஊடகங்களில் தங்கள் இலச்சினைக்கு வானவில் வண்ணம் பூசி வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றின் வளைகுடா நாட்டுப் பக்கங்களிலோ இலச்சினை பழைய நிறத்திலேயே இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து, 'இவற்றில் எது உங்கள் உண்மையான முகம்?' என்று வாடிக்கையாளர்கள் கேட்டனர். ஒரே பெயர், இரு தரப்பினரிடம் இரு சின்னங்களோடும் இரு செய்திகளோடும் செல்லலாமா? செல்லலாம் என்பதே என் கருத்து. ஆனால், அதற்கு ஓர் எல்லை உண்டு.

வணிகப் பெயருக்கு ஏன் மதிப்பு ஏற்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலையில் சந்தை எவ்வாறு சீர்குலைகிறது என்பதைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். அதற்கான தீர்வுகளுள் ஒன்றாக அவர் வணிகப் பெயரைக் குறிப்பிட்டார். பொருள் ஏமாற்றினால், அடுத்த முறை அந்தப் பெயரையே வாங்குபவர் புறக்கணிக்கலாம். எனவே, வணிகப் பெயர் என்பது நிறுவனம் கட்டிவைத்திருக்கும் பிணைத்தொகை போன்றது. இலச்சினை அந்தப் பிணையின் அடையாளமே தவிர, பிணை ஆகாது.

வகுப்பறையில் விலைப் பாகுபாடு பற்றிப் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். ஒரே பொருளை இரு சந்தைகளில் இரு விலைக்கு விற்க வேண்டுமானால், மலிவாக வாங்கியவர் அதை மற்ற சந்தைக்குக் கொண்டுபோக முடியாதபடி இடையே ஒரு சுவர் வேண்டும். செய்திக்கும் இந்த விதி பொருந்தும். அச்சு விளம்பரத்தின் காலத்தில் தொலைவும் மொழியும் அந்தச் சுவராக இருந்தன. இன்று ஒரு கைப்பேசிப் படம் போதும், சுவர் சரிந்துவிடும்.

ஐக்கியா நிறுவனத்துக்கு நேர்ந்தது இதுதான். 2012-இல் அதன் சவூதி அரேபியப் பொருள் விவரப் புத்தகத்தில் பெண்களின் உருவங்கள் நீக்கப்பட்டிருந்தன. பிற நாட்டுப் பதிப்பில் குளியலறையில் சிறுவனுக்கு அருகே நின்ற தாய், சவூதிப் பதிப்பில் இல்லை. ஸ்வீடன் நாளிதழ் ஒன்று இரு பதிப்புகளையும் ஒப்பிட்டுக் காட்டியதும் கண்டனம் எழுந்தது. அச்செயல் தன் விழுமியங்களுக்கு முரணானது என்று கூறி நிறுவனம் வருந்தியது. அங்கு அறைகலன் மாறவில்லை, இலச்சினையும் மாறவில்லை. ஆயினும், ஆண்-பெண் சமத்துவம் என்று ஓரிடத்தில் கொடுத்த வாக்கு மற்றோரிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. அடையாளம் பிளவுபட்டது அதனால்தான்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு வணிகத்துக்கு வெளியே உள்ளது. போர்க்கள மருத்துவ உதவிக்கான அடையாளமாகச் செஞ்சிலுவையை 1864-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை ஏற்றது. சிலுவை தன் படைவீரர்களின் மனத்தைப் புண்படுத்தும் என்று கருதிய உதுமானியப் பேரரசு, 1876-இல் செம்பிறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1929-இல் அதற்கு முறையான ஏற்பு கிடைத்தது. இன்று ஒரே இயக்கம் சில நாடுகளில் சிலுவையோடும் சில நாடுகளில் பிறையோடும் இயங்குகிறது. இரண்டுக்கும் சட்டப் பாதுகாப்பு ஒன்றே. காயம்பட்டவர் எவராயினும் உதவுவோம் என்ற வாக்குறுதியும் ஒன்றே. ஒரு சின்னத்தை மற்றவரிடமிருந்து மறைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

ஆயினும், இதற்கும் ஒரு விலை இருந்தது. பிறை அருகில் வந்ததும், சமயச் சார்பற்றதாகக் கருதப்பட்ட சிலுவையும் சமயச் சின்னமாகத் தோன்றத் தொடங்கியது. இரண்டையும் ஏற்காத இஸ்ரேலியச் சங்கம் நெடுங்காலம் வெளியே நின்றது. எச்சமயத்தையும் சாராத செம்படிகம் என்ற மூன்றாவது சின்னம் 2005-இல் ஏற்கப்பட்ட பின், 2006-இல்தான் அச்சங்கம் உறுப்பினரானது. இரண்டாவது சின்னம் முதல் சின்னத்தின் பொருளையும் மாற்றிவிடும் என்பது இதில் உள்ள பாடம்.

வானவில் இலச்சினைக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் பொங்கலுக்கும் கேரளத்தில் ஓணத்துக்கும் வாழ்த்துச் சொல்லும் நிறுவனத்தை யாரும் இரட்டை வேடதாரி என்பதில்லை. அது அந்தந்த ஊருக்கான வாழ்த்து. 'இது உலகெங்கும் எங்கள் கொள்கை' என்று ஒரு நிறுவனம் அறிவிக்கும்போதோ, அது பிணை எழுதிக் கொடுக்கிறது. பிற இடத்தில் சட்டம் தடுத்தால், அங்கே தன்னால் எது இயலாது என்பதை அறிவிக்கும்போதே சொல்லிவிடுவது நேர்மை. தரப்பு ஒன்றுக்குக் காட்டியதை மற்றதற்கும் அனுப்பி, 'அவர்களிடம் இப்படிச் சொன்னோம். காரணம் இது' என்று கூச்சமின்றி விளக்க முடிந்தால் அடையாளம் ஒன்றாகவே இருக்கிறது. விளக்க முடியாமல் மறைக்கத் தோன்றினால், அங்கே இருப்பது ஒரு பெயரில் இயங்கும் இரு நிறுவனங்கள்.