பத்து நாள்ல சொல்லியிருக்கலாம், பத்து மாசத்தைத் தொலைச்சோம்: தலைமுடி உதிர்வும் பயாப்ஸியும் (த்ரெட்)

1/
வேலப்பன்சாவடி சிக்னல்ல நின்னு பூந்தமல்லி ஹைரோட்டை ஒரு தடவை பாருங்க. பல் டாக்டர் போர்டுக்கு அடுத்து அதிகமா கண்ணுல படுறது முடி விளம்பரம்தான். "இலவச ஹேர் அனாலிசிஸ்", "6 சிட்டிங் பேக்கேஜ்". காசு வாங்குறதைப் பத்தி நான் சண்டைக்கு வரல. முடி ஏன் கொட்டுதுன்னு கண்டுபிடிக்காமலே காசு வாங்குறாங்க பாருங்க, அதைப் பத்திதான் இந்த த்ரெட்.

2/
முதல்லயே சொல்லிடுறேன். நான் தோல் டாக்டர் இல்ல, அரசு மருத்துவமனை ஓ.பி.ல உக்கார்ற எம்.பி.பி.எஸ். டாக்டர். அதனாலதான் இதை எழுதறேன். தப்பு பெரும்பாலும் என்னை மாதிரி ஆளுங்க மேசையில இருந்துதான் ஆரம்பிக்குது.

3/
ஒரு அக்கா, வயசு நாப்பதுக்குப் பக்கம், தையல் வேலை. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) உச்சந்தலையில முடி குறையுது, அந்த இடத்துல அரிப்பும் எரிச்சலும் இருக்குன்னு வந்தாங்க. காலையில 11 மணி, வெளிய நீள வரிசை. கண் இமையைக் கீழ இழுத்துப் பார்த்தேன், வெளிறி இருந்துச்சு. இரும்புச்சத்து மாத்திரை எழுதி அனுப்பிட்டேன். தலையை வெளிச்சத்துல திருப்பிப் பார்க்கவே இல்ல. அது என் தப்பு.

4/
மாத்திரைல கேக்கலன்னு அவங்க ஒரு கிளினிக் போயிருக்காங்க. கேமரால தலையைக் காட்டி "வேர் வீக்கா இருக்கு"ன்னு சொல்லி பி.ஆர்.பி. ஆரம்பிச்சிருக்காங்க. நம்ம ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைஞ்ச பகுதியைப் பிரிச்சு தலையில ஊசியா போடுறதுதான் பி.ஆர்.பி. மாசம் ஒரு சிட்டிங், மொத்தம் 6. சீட்டுப் பணம் அதுல போச்சு. திரும்ப என்கிட்ட வந்தப்போ பத்து மாசம் ஆகியிருந்துச்சு. உச்சந்தலையில உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுன்னு பளபளப்பா ஒரு இடம்.

5/
அந்தப் பளபளப்புதான் விஷயம். சாதாரண வழுக்கையில முடி மெலியும், ஆனா முடி முளைக்கிற துளை தோல்ல இருக்கும். உத்துப் பார்த்தா புள்ளி புள்ளியா தெரியும். இவங்க தலையில துளையே இல்ல. ஓரத்துல மிச்சம் இருந்த முடிகளைச் சுத்தி கருஞ்சிவப்பா வளையம், அடியில வெள்ளையா செதில். இது வழுக்கை இல்ல. முடிவேர் இருந்த இடம் வடுவா மாறுது.

6/
இதைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். ஒவ்வொரு முடிக்குழியோட பக்கத்துலயும் ஸ்டெம் செல்கள் உக்கார்ந்திருக்கிற ஒரு மேடு இருக்கு. முடி விழுந்தா திரும்ப முளைக்க வைக்கிறது அதுதான். சில நோய்கள்ல உடம்போட எதிர்ப்பு அணுக்களே அந்த மேட்டைச் சூழ்ந்து அழிக்கும். அழிஞ்ச இடத்துல வடு வந்துடும். அதுக்கப்புறம் எந்த எண்ணெயும், எந்த ஊசியும் அங்க முடி முளைக்க வைக்காது. விதை இல்லாத நிலத்துக்குத் தண்ணி பாய்ச்சுற கதைதான்.

7/
நம்ம ஊர்ல இப்படி வடு ஆக்குற நோய்கள்ல முக்கியமானவை ரெண்டு: லைக்கன் பிளானோபைலாரிஸ், டிஸ்காய்டு லூபஸ். ரெண்டும் முத்தின நிலையில ஒண்ணு மாதிரியே இருக்கும். ஆனா பின்தொடர வேண்டிய விதம் வேற. லூபஸ்னா சிறுநீரகம், ரத்தம், மூட்டு எல்லாத்தையும் பார்க்கணும். கண்ணால பார்த்து உறுதியா பிரிக்க முடியாத இந்த இடத்துலதான் பயாப்ஸி வேணும்.

8/
அதுக்காக முடி கொட்டுறவங்க எல்லாருக்கும் பயாப்ஸின்னு நான் சொல்லல. டெங்குவோ பிரசவமோ முடிஞ்சு ரெண்டு மூணு மாசத்துல கொத்துக்கொத்தா கொட்டினா அது தானா நிக்கும். அப்பா, தாத்தா மாதிரியே நெத்தி ஏறுதுன்னா பார்த்தாலே தெரியும். காசு வட்டத்துக்கு வழுவழுன்னு இருக்கிற புழுவெட்டும் பெரும்பாலும் அப்படித்தான். குழந்தை தலையில செதிலோட திட்டு இருந்தா முதல்ல சுரண்டி பூஞ்சை இருக்கான்னு பார்க்கணும். இவங்க தலையில எல்லாம் துளை போட வேண்டியதில்ல.

9/
பயாப்ஸி யாருக்குன்னா: துளைகள் மறைஞ்சு பளபளப்பு வந்தவங்களுக்கு, முடி போற இடத்துல எரிச்சல், வலி, சீழ், செதில் இருக்கிறவங்களுக்கு, சரியான வைத்தியம் பார்த்தும் வேகமா பரவுறவங்களுக்கு, தோல் டாக்டர் டெர்மோஸ்கோப் வச்சுப் பார்த்தும் "ரெண்டுல எதுன்னு தெரியல"ன்னு சொல்றவங்களுக்கு. அவ்வளவுதான் பட்டியல்.

10/
அக்கா கதைக்கு வர்றேன். நடுவுல இன்னொரு இடத்துல ஒரு பயாப்ஸியும் எடுத்திருந்தாங்க. ரிப்போர்ட்ல இருந்தது ஒரே வரி: வடுத் திசு, முடிக்குழி காணப்படவில்லை. ஏன்னா வழுக்கை நடுவுல எடுத்துட்டாங்க. எரிஞ்சு முடிஞ்ச வீட்டு நடுவுல நின்னு தீ எங்க பிடிச்சதுன்னு தேடுற மாதிரி. தீ இன்னும் எரியுற ஓரத்துல தேடணும். செதிலும் சிவப்பும் இருக்கணும், முடியும் இன்னும் விழாம நிக்கணும், அந்த இடம்தான். பயாப்ஸி எடுத்தும் பதில் வராம போறதுக்குப் பெரிய காரணமே இந்த இடத் தப்புதான்.

11/
இந்தத் தடவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோட தோல் துறைக்கு எழுதி அனுப்பினேன். அவங்க கேட்ட முதல் கேள்வி: "சார், தலையில ஓட்டை போட்டா மூளைக்கு ஏதாவது ஆகிடாதா?" ஆகாது. தோலும் அதுக்குக் கீழ இருக்கிற கொழுப்பும் மட்டும்தான். எலும்பையே தொடுறதில்ல. ரெண்டாவது கேள்வி: "கேன்சரா?" பயாப்ஸின்னாலே கேன்சர்னு ஊர்ல ஒரு எண்ணம். இங்க அதைத் தேடல. வேரைச் சுத்தி யார் சண்டை போடுறாங்கன்னுதான் பார்க்குறோம்.

12/
எப்படி எடுக்குறாங்கன்னா, முதல்ல டெர்மோஸ்கோப்ல பார்த்து இடத்தைப் பேனால குறிப்பாங்க. மொட்டை எல்லாம் அடிக்க மாட்டாங்க, அந்தப் பொட்டு இடத்துல மட்டும் முடியைக் கட்டையா வெட்டுவாங்க. அட்ரினலின் கலந்த லிக்னோகைன் மரப்பு ஊசி. வலிக்கிறது அது ஒண்ணுதான், சில நொடி. அப்புறம் 10 நிமிஷம் சும்மா காத்திருக்கணும். தலைத்தோல்ல ரத்த ஓட்டம் அதிகம், அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்க அந்த நேரம் வேணும். அவசரப்பட்டா ரத்தம் நிக்காது.

13/
அப்புறம் பஞ்ச்னு ஒரு சின்னக் கருவி. பேனா மாதிரி இருக்கும், நுனியில 4 மி.மீ. வட்டக் கத்தி. நேரா குத்தக்கூடாது. முடி சாஞ்சு வளர்ற திசையிலயே சாய்ச்சுத் திருகணும், இல்லன்னா வேர்கள் குறுக்கால வெட்டுப்படும். ஆழம் கொழுப்பு வரைக்கும் போகணும், ஏன்னா தடித்த முடியோட அடிக்கிழங்கு அங்கதான் இருக்கு. மேலோட்டமா எடுத்தா வேரே இல்லாத வெறும் தோல்தான் போகும்.

14/
பொதுவா ரெண்டு துண்டு எடுப்பாங்க. ஒண்ணை நெடுக்கா வெட்டிப் பார்ப்பாங்க, இன்னொண்ணைக் குறுக்கா. நெடுக்கா வெட்டினா சில முடிக்குழிகள்தான் கண்ணுல படும். வாழைத்தண்டை வில்லை போடுற மாதிரி குறுக்கா வெட்டினா அந்த 4 மி.மீ.க்குள்ள இருக்கிற எல்லாக் குழியையும் எண்ணிப் பார்க்கலாம்: எத்தனை உயிரோட இருக்கு, எத்தனை வடுவாச்சு. இதைப் பேத்தாலஜி துறைக்குச் சொல்லி அனுப்பணும். சீட்டுல "முடி உதிர்வு"ன்னு மட்டும் எழுதினா நெடுக்கா மட்டும் வெட்டிட்டுப் போயிடுவாங்க. லூபஸ் சந்தேகம்னா இன்னொரு சின்னத் துண்டு இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனைக்குப் போகும். அதை ஃபார்மலின்ல போடக்கூடாது, போட்டா அந்தச் சோதனையே வீண்.

15/
நோயாளி பக்கம் இருந்தும் ரெண்டு விஷயம் சொல்லணும். முன்னாடி ஸ்டீராய்டு ஊசியோ களிம்போ போட்டிருந்தா மறைக்காதீங்க; அது அழற்சியை அடக்கி ரிப்போர்ட்டைக் குழப்பிடும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுறவங்க கண்டிப்பா சொல்லணும், ஆனா நீங்களா நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் வச்சவங்க முடிக்காக மாத்திரையை நிறுத்தினா மாரடைப்புல வந்து முடியலாம்.

16/
துளைக்கு ஆளுக்கு ஒண்ணோ ரெண்டோ தையல். அன்னைக்கு சாயங்காலம் மரப்பு போனதும் விண்ணுன்னு இருக்கும், பாராசிட்டமால் போதும். ரத்தம் கசிஞ்சா சுத்தமான துணியால 20 நிமிஷம் விடாம அழுத்தணும். எடுத்து எடுத்துப் பார்த்தா நிக்காது. முதல் நாள் தண்ணி படக்கூடாது. மறுநாள்ல இருந்து தேய்க்காம மெதுவா தலை அலசலாம். தையல் பிரிக்கிற வரைக்கும் எண்ணெய் வேணாம், மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேணாம். ஹெல்மெட் உரசுறதால முடிஞ்சா ரெண்டு மூணு நாள் பஸ்ல போங்க. ஹெல்மெட் இல்லாம வண்டி மட்டும் ஓட்டாதீங்க. 7 முதல் 10 நாள்ல தையல் பிரிப்பாங்க.

17/
அதுக்கு நடுவுல வலி குறையாம கூடினா, சீழ் வந்தா, காய்ச்சல் அடிச்சா, அழுத்தியும் ரத்தம் நிக்கலன்னா அன்னைக்கே வாங்க. இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும்: பயாப்ஸி எடுத்த புள்ளியில முடி திரும்ப முளைக்காது. அரிசி அளவுக்கு ஒரு வடு நிக்கும், சுத்தி இருக்கிற முடி மூடிக்கும். அந்த அரிசி அளவைக் குடுத்து மீதித் தலையைக் காப்பாத்தலாம். கணக்கு அதுதான்.

18/
அக்காவோட ரிப்போர்ட் பத்து நாள்ல வந்துச்சு. லைக்கன் பிளானோபைலாரிஸ். இப்ப திட்டோட ஓரத்துல ஸ்டீராய்டு ஊசி, க்ளோபிடசால், கூடவே ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை. அந்த மாத்திரைக்காக கண் பரிசோதனையும் நடக்குது. எரிச்சல் அடங்கிடுச்சு, ஓரம் நகராம நிக்குது. போன முடி வரல. வராது. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா எவ்வளவு நின்னிருக்கும் சார்?"னு கேட்டாங்க. நான் அளவு சொல்லல. ஆனா பத்து மாசத்துக்கு முன்னாடி அவங்க என் முன்னாடி உக்கார்ந்திருந்தப்போ அந்த இடம் இவ்வளவு பெருசா இல்லங்கிறது எனக்குத் தெரியும்.

19/
கிளினிக் நடத்துறவங்களுக்கு: பயாப்ஸின்னா மக்கள் பயப்படுறாங்கன்னு சொல்றீங்க. ஒவ்வொரு சிட்டிங்லயும் தலை முழுக்க பத்துக்கணக்கில ஊசி குத்துறதுக்கு அதே மக்கள் தலையைக் குடுக்குறாங்களே! பயம் ஊசிக்கு இல்ல, யாரும் விளக்கிச் சொல்லாததுக்கு. இந்த நோய் கனன்றுட்டு இருக்கும்போது முடி நட்டா நட்ட முடியும் போகும், நோயும் கிளறிவிடும். அடங்கி வருஷக்கணக்கில அமைதியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் நடுறதைப் பத்தி யோசிக்கவே செய்வாங்க. உங்களுக்கும் இது தெரியும். தெரிஞ்சும் பேக்கேஜ் விக்கிறதுக்கு வேற பேர்.

20/
என் சக டாக்டர்களுக்கு: முடி கொட்டுதுன்னு வந்தா பயோட்டின் எழுதுறதுக்கு முன்னாடி எழுந்து நின்னு வகிடைப் பிரிச்சுப் பாருங்க. துளை இருக்கா, இல்லையா? அரை நிமிஷ வேலை. அதைச் செய்யாததுக்கு வரிசை நீளம்ங்கிறது ஒரு காரணம் இல்ல. இதை எனக்கும் சேர்த்தேதான் சொல்றேன்.

21/
வேலப்பன்சாவடி, திருவேற்காடு, பூந்தமல்லிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு: அந்த விளம்பரம் எல்லாம் இருக்கிற அதே ஹைரோட்ல கிழக்கால போனா கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி, அதே ரோடு போய் முடியுற சென்ட்ரல் பக்கம் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. ரெண்டுலயும் தோல் துறை இருக்கு. காலையில ஓ.பி. நேரத்துக்குப் போங்க, பழைய சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. எங்க பணம் கட்டுறதா இருந்தாலும் முதல்ல ஒரு கேள்வி கேளுங்க: "என் முடி உதிர்வுக்கு என்ன பேர்?" பேர் சொல்ல முடியலன்னா பர்ஸை மூடிட்டு எழுந்து வந்துடுங்க.