டெல்டாவைத் தேடாதீர்கள்

எல்லையை நிறுவும் கணக்கு ஒவ்வொன்றிலும் சரியான டெல்டா ஒன்று ஒளிந்திருக்கிறது, சமன்பாட்டைத் தீர்ப்பதுபோல் அதைத் தீர்த்து எடுக்க வேண்டும் என்று நம் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். ஆசிரியர்களிலும் பலருக்கு இந்த நம்பிக்கை உண்டு. வழிகாட்டி நூலில் ε/7 என்று இருக்க, மாணவர் ε/10 என்று எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்கத் துணிவது இதனால்தான். அது அநியாயம். மாணவர் எழுதியதில் பிழையே இல்லை.

வரையறை கேட்பது மிகக் குறைவு. ε > 0 எது தரப்பட்டாலும் அதற்குப் பொருந்தும் ஒரு δ உண்டு என்று காட்டினால் போதும். மிகப் பெரிய δ எது என்று அது கேட்கவில்லை. ஒரு δ பொருந்திவிட்டால் அதைவிடச் சிறிய மிகை எண் எதுவும் பொருந்தும். ஆகவே சரியான விடைகள் முடிவிலி.

x ஆனது 3ஐ நெருங்கும்போது x² ஆனது 9ஐ நெருங்குகிறது என்பதை எடுத்துக்கொள்வோம். |x²−9| = |x−3||x+3|. முதல் காரணி நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது; அது δவைவிடக் குறைவு. இரண்டாவது காரணி x மாறும்போதெல்லாம் மாறுகிறது. தீர்த்துப் பழகிய கை இங்கே உடனே δ = ε/|x+3| என்று எழுதிவிடும். நிறுவல் அங்கேயே உடைகிறது. δவை முதலில் நிலைநிறுத்தி, அதன் பிறகுதான் xஐ எடுக்கிறோம்; xஐப் பார்த்து δவை மாற்ற முடியாது.

இங்கே வேண்டியது அந்த இரண்டாவது காரணிக்கு ஒரு மேல்வரம்பு. 3இலிருந்து 1 அலகு தூரத்துக்குள் மட்டுமே x இருக்கட்டும் என்று முன்கூட்டியே கட்டுப்படுத்துகிறோம். அப்போது 2 < x < 4, எனவே |x+3| < 7. இனி |x²−9| < 7|x−3|. இது εஐத் தாண்டாமலிருக்க |x−3| < ε/7 போதும். இரண்டு நிபந்தனைகளும் ஒருசேர வேண்டும் என்பதால் δ = min(1, ε/7). 7 என்ற இடத்தில் 10 என்று வைத்தாலும் அசமன்பாடு நிற்கும்.

அந்த min எழுதுவது சடங்கு என்று நினைப்பவர்கள் ε = 70 என்று வைத்துப் பார்க்கட்டும். வெறும் ε/7 என்றால் δ = 10. அதற்குள் அடங்கும் x = 12ஐ எடுத்தால் x²−9 = 135. எழுபதைத் தாண்டிவிட்டது. 7 என்ற வரம்பை 2க்கும் 4க்கும் இடையில் மட்டுமே பெற்றோம். அந்த எல்லையைக் காப்பதுதான் min செய்யும் வேலை.

“துல்லியமாகத் தீர்த்தால் இன்னும் நல்லதல்லவா?” என்று கேட்பார்கள். இந்தக் கணக்கில் மிகப் பெரிய δ என்பது √(9+ε) − 3. ε = 0.1 என்றால் அது ஏறத்தாழ 0.0166, நாம் எடுத்ததோ ஏறத்தாழ 0.0143. இந்தச் சிறு வித்தியாசத்தால் நிறுவலுக்கு எந்த ஆதாயமும் இல்லை. அதைப் பெற வர்க்கமூலம் எடுத்து, 3க்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியே சோதித்து, சிறியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வர்க்கத்தில் இது வீண் உழைப்பு. படி ஏறினால் நடக்காத காரியம். x ஆனது 1ஐ நெருங்கும்போது x⁵+x ஆனது 2ஐ நெருங்குகிறது என்று நிறுவ x⁵+x = 2+ε என்பதைத் தீர்க்கப் புறப்படுபவருக்குச் சூத்திரம் கிடைக்காது. ஐந்தாம் படிச் சமன்பாடுகளுக்கு மூலக்குறிகளால் ஆன பொதுச் சூத்திரம் இல்லை என்று ஆபெல் 1824இலேயே நிறுவிவிட்டார். மேல்வரம்பு வழியில் இது இரண்டு வரி வேலை. |x⁵+x−2| = |x−1||x⁴+x³+x²+x+2|. |x−1| < 1 என்றால் 0 < x < 2, ஆகவே இரண்டாவது காரணி 16+8+4+2+2 = 32ஐத் தாண்டாது. δ = min(1, ε/32).

இதைக் கற்றவர்களிடமும் தேடும் பழக்கம் மிச்சமிருக்கிறது. முதல் கட்டுப்பாடு எப்போதும் 1தான் என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். x ஆனது 1/2ஐ நெருங்கும்போது 1/x ஆனது 2ஐ நெருங்குகிறது என்பதில் அது கைவிட்டுவிடும். இங்கே |1/x − 2| = 2|x−1/2|/|x|. 1 அலகு தூரம் என்றால் x பூச்சியத்துக்கு எவ்வளவு அருகிலும் போகலாம். 1/|x|க்கு மேல்வரம்பே கிடையாது. 1/4 தூரத்தோடு நின்றால் x > 1/4, ஆகவே 1/|x| < 4, வித்தியாசம் 8|x−1/2|க்குக் குறைவு, δ = min(1/4, ε/8). முதல் கட்டுப்பாட்டைப் பகுதி பூச்சியமாகும் இடம் தீர்மானிக்கிறது. 1/4க்குப் பதில் 1/3 எடுத்தவர் x > 1/6 என்று பெற்று, min(1/3, ε/12) என்று முடிப்பார். அவருக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும்.