குடலிறக்க ஆபரேஷனுக்கு நகையை அடகு வைக்கும் முன்

1/ கீரனூர் பக்கம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன்னு சொன்னதும் பலர் முதலில் போறது அடகுக் கடைக்கு. இந்த வரிசையே தப்பு. சாதாரணக் குடலிறக்கத்துக்குத் தேதி குறிச்சு செய்யலாம், விசாரிக்க நேரம் இருக்கு. வீக்கம் உள்ளே போகாம வலி, வாந்தி வந்தா மட்டும் நேரம் இல்லை, உடனே ஓடி வாங்க.

2/ தனியாரில் 80,000 ரூபாய் கேட்கிறாங்கன்னு வைங்க. 2 வட்டிக்கு அடகு வெச்சா மாசம் 1,600, வருஷத்துக்கு 19,200. அசல் அப்படியே நிக்கும்.

3/ "வட்டியில்லா தவணை"ம்பாங்க. பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, ரொக்கமா கட்டினா எவ்வளவு குறைப்பீங்கன்னு கேளுங்க. அந்த ரெண்டையும் கூட்டினா வர்றதுதான் மறைஞ்சிருக்கிற வட்டி.

4/ இப்போ புது பாலிசி எடுத்தாலும் உதவாது. குடலிறக்கத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. நோயை மறைச்சு எடுத்தா கிளெய்மே போயிடும்.

5/ குடும்ப வருமானம் வருஷம் 1,20,000க்குள்ளயா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோட புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போங்க. முன் அனுமதி ஆபரேஷனுக்கு முன்னாடியே வாங்கணும்.

6/ அட்டை இல்லாட்டியும் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. அப்போ சேமிப்பு, வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குச் சாப்பாட்டுக்கு உதவும்.

7/ அட்டை இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்காம தவணை ஃபாரத்தை நீட்டுற இடத்தில் கையெழுத்து போடாதீங்க.