விலைவாசியும் வட்டியும்: தங்க வயல் ஓய்வூதியர் சங்கத்தின் நிலைப்பாடு

விலைவாசி ஏறும்போது ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்துகிறது. அரிசி, எண்ணெய் விலையில் அடிபட்டவர்கள் கடன் தவணையிலும் அடிபடுகிறார்கள். இது சரியா என்ற கேள்வி கோலார் தங்க வயலின் வீடுகளில் 2022 முதல் இருந்து வருகிறது. ஒரே வீட்டில் அப்பா பென்ஷன் வாங்குகிறவர். மகன் மாரிக்குப்பத்தில் விடியலுக்கு முன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர், வீட்டுக்கடன் கட்டுகிறவர். வட்டி உயர்ந்தால் இருவருக்கும் ஒரே விளைவு இல்லை. முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் அவர்களின் குடும்பங்களும் சேர்ந்த இச்சங்கம் அதனால்தான் இதில் தன் நிலையைப் பொதுவில் வைக்கிறது.

பணவீக்கம் எல்லாப் பொருள்களுக்கும் பரவி நிலைத்துவிடும் அபாயம் இருக்கும்போது வட்டியை உயர்த்துவதைச் சங்கம் ஆதரிக்கிறது. ஒன்றிரண்டு விளைபொருள்களின் விலை தற்காலிகமாக ஏறும்போது வட்டியைத் தொடக் கூடாது என்றும் கருதுகிறது. வட்டி உயர்வு இழந்ததைத் திருப்பித் தராது என்பதால், குறைந்தபட்ச ஓய்வூதியத்தை விலைவாசியோடு இணைக்க வேண்டும் என்று கோருகிறது.

எண் மாறவில்லை, பணம் குறைந்தது

ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பர் 1 முதல் மாதம் 1,000 ரூபாய். 1995இல் தொடங்கிய இத்திட்டத்தில் பஞ்சப்படி கிடையாது. அதனால் அந்தக் குறைந்தபட்சத்தில் இருப்பவரின் பாஸ்புக்கைப் புரட்டினால் ஒவ்வொரு மாதமும் அதே எண்தான் அச்சாகியிருக்கும். ஏமாற்றுவதும் அந்த எண்தான். ஒரு ரூபாயும் பிடிக்கப்படாததால் எதுவும் குறையவில்லை என்று தோன்றுகிறது.

ஆனால் 2014க்கும் 2025க்கும் இடையில் நுகர்வோர் விலைக் குறியீடு ஏறத்தாழ 60 விழுக்காடு உயர்ந்திருக்கிறது. அன்று 1,000 ரூபாய்க்கு வாங்கிய அதே மளிகை, மருந்து, மின்கட்டணத்துக்கு இன்று 1,600 ரூபாய்க்கு மேல் வேண்டும். திருப்பிச் சொன்னால், இன்றைய 1,000 ரூபாய் அன்றைய 600 ரூபாய்ச் சொச்சத்தின் வேலையைத்தான் செய்கிறது. ஆண்டுக்கு 6 விழுக்காடு வீதம் விலை ஏறினால் 12 ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். 4 விழுக்காடாக இருந்தால் அதே பாதிக்கு 18 ஆண்டுகள் ஆகும். இரண்டு விழுக்காட்டு வித்தியாசம் செய்தித்தாளில் சின்னதாகத் தெரியலாம். 60 வயதில் ஓய்வு பெற்றவருக்கு அது 72 வயதில் பாதி வாழ்க்கையா, 78 வயதில் பாதி வாழ்க்கையா என்ற வித்தியாசம்.

மாறாத எண்ணுக்கும் ஏறும் செலவுக்கும் நடுவில் சிக்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல. அமெரிக்கா 1934இல் ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்று விலை வைத்தது. 1971 வரை அதுவே உலகின் அதிகாரபூர்வ விலையாக நீடித்தது. 1962இல் மத்திய அரசின் கைக்கு வந்த தங்க வயல், தன் தங்கத்தை வெளிச்சந்தை விலைக்கு விற்காமல் அந்தப் பன்னாட்டு விலைக்கே அரசிடம் கொடுத்தது. கூலி, மரம், வெடிமருந்து, ஆயிரக்கணக்கான அடி ஆழத்திலிருந்து நீரிறைக்கும் செலவு எல்லாம் சந்தை விலையில் ஏறிக்கொண்டிருந்தன. தாதுவில் தங்கத்தின் அளவு குறைந்துகொண்டே போனதுதான் சுரங்கம் நலிந்ததற்கு அடிப்படைக் காரணம். கட்டிப்போட்ட விலை அந்த நலிவை வேகப்படுத்தியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அன்று சுரங்கத்தின் கணக்கில் நடந்த அதே நெருக்கடி இன்று பென்ஷன்காரரின் கணக்கில் நடக்கிறது.

வட்டி எப்படி விலையைப் பிடிக்கிறது

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டது. ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. அந்த ஏப்ரலில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 7.79 விழுக்காடு. சட்டப்படி ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 விழுக்காடு. மேலே 6 வரை, கீழே 2 வரை விலகல் இருக்கலாம். மே 4ஆம் தேதி, வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல், ரெப்போ விகிதம் 4 விழுக்காட்டிலிருந்து 4.40ஆக உயர்த்தப்பட்டது. 2023 பிப்ரவரிக்குள் அது 6.50ஆயிற்று.

வங்கிகள் அரசுப் பத்திரங்களை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்கு வாங்கும் கடனின் வட்டிதான் ரெப்போ. அது ஏறினால் வங்கிகளுக்குப் பணம் கிடைக்கும் விலை ஏறும். அவை கடனுக்குக் கூடுதல் வட்டி கேட்கும். வைப்புத்தொகைக்கும் கூடுதலாகத் தரும். மனை வாங்க நினைத்தவர் ஓராண்டு தள்ளிப்போடுவார், கடை விரிவாக்க நினைத்தவர் யோசிப்பார், கையில் மிச்சம் இருப்பவர் வைப்பில் போடுவார். சந்தையில் பொருளைத் துரத்தும் பணம் குறையும்போது, விற்பவரால் நினைத்தபடி விலையை ஏற்ற முடியாது.

ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினால் உக்ரைனில் சூரியகாந்தி விளையுமா என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. விளையாது. ஆனால் எண்ணெய் விலை எண்ணெயோடு நிற்பதில்லை. ஹோட்டல்காரர் தோசை விலையை ஏற்றுகிறார். தோசை விலையைப் பார்த்து ஆட்டோக்காரர் வாடகையை ஏற்றுகிறார். அடுத்த ஆண்டும் விலை ஏறும் என்று நினைக்கும் வீட்டுக்காரர் இப்போதே வாடகையில் அதைச் சேர்த்துவிடுகிறார். 2022இல் உணவையும் எரிபொருளையும் ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டாலும் பணவீக்கம் 6 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. விலையேற்றம் எண்ணெய்க் கடையைத் தாண்டி எல்லாக் கடைகளுக்கும் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். வட்டி தடுக்க வேண்டியது இந்த இரண்டாம் சுற்றை. மருந்து உடனே வேலை செய்யவில்லை. பல காலாண்டுகள் ஆயின. 2023 டிசம்பரில் உணவு, எரிபொருள் நீங்கிய அதே பணவீக்கம் 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்திருந்தது. இதில் வட்டியின் பங்கு எவ்வளவு, எண்ணெயும் கச்சா எண்ணெயும் உலகச் சந்தையில் இறங்கியதன் பங்கு எவ்வளவு என்று துல்லியமாகப் பிரிக்க முடியாது. இரண்டும் இருந்தன.

சேமிப்பவருக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 2021 ஏப்ரலில் ஒரு லட்ச ரூபாயை ஓராண்டு வைப்பில், 5 விழுக்காட்டு வட்டிக்குப் போட்டவர் அடுத்த ஏப்ரலில் 1,05,000 ரூபாய் எடுத்தார். முந்தைய ஆண்டு ஒரு லட்சத்துக்கு வாங்கிய பொருள்களின் விலை அதற்குள் 1,07,790 ஆகியிருந்தது. வட்டி வாங்கியும் 2,790 ரூபாய் நட்டம். வட்டியைக் குறைவாகவே வைத்திருப்பது ஏழைக்கு நல்லது என்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். பணிக்கொடையை வங்கியில் போட்டுவிட்டு அதன் வட்டியில் சாப்பிடுகிறவர் இந்த ஊரில் பலர்.

தவணை கட்டுபவரின் வலி

வட்டி உயர்வின் செலவைச் சங்கம் மறைக்க விரும்பவில்லை. 20 லட்ச ரூபாய், 20 ஆண்டு வீட்டுக்கடன் 7 விழுக்காட்டு வட்டியில் இருந்தால் மாதத் தவணை சுமார் 15,500 ரூபாய். ரெப்போ ஏறிய அதே இரண்டரை விழுக்காடு சேர்ந்து 9.5 ஆனால் தவணை சுமார் 18,640. மாதம் 3,100 ரூபாய்க்கு மேல் கூடுகிறது.

இதைவிட ஆபத்தான ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. தவணையை ஏற்றாமல் வங்கி ஆண்டுகளை நீட்டிவிடும். புதிதாக வாங்கிய அந்த 20 லட்சத்துக்கு 9.5 விழுக்காட்டில் முதல் மாத வட்டியே சுமார் 15,830 ரூபாய். பழைய 15,500ஐக் கட்டிக்கொண்டே போனால் அசல் குறையாது; வளரும். தவணை மாறவில்லை என்று நிம்மதியாக இருப்பவர் கணக்கு அறிக்கையில் நிலுவை அசலைப் பார்த்தால்தான் இது தெரியும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, ஒரு பகுதியை முன்கூட்டியே அடைப்பதா என்று கடன்தாரரே தேர்ந்தெடுக்க வழிவிட வேண்டும், அசல் வளரும் நிலை வரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. கடன் கட்டும் ஒவ்வொரு வீடும் இந்த உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும்.

தக்காளிக்கு வட்டி மருந்தல்ல

எப்போது வட்டியை உயர்த்தக் கூடாது என்பதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. கோலார் தக்காளி மண்டியில் 2023 ஜூலையில் 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டி ஏலம் போனது. வெள்ளை ஈயும் இலைச்சுருள் நோயும் செடிகளைத் தாக்கியிருந்தன. மழையும் வரத்தைக் கெடுத்தது. நாட்டின் பணவீக்கம் அந்த மாதம் 7.44 விழுக்காட்டுக்குத் தாவியது. எண்ணை மட்டும் பார்த்தால் 2022 ஏப்ரல் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

ஆனால் முடிதிருத்தும் கடையிலும் தையல்கடையிலும் கட்டணம் தக்காளியோடு ஏறவில்லை. உணவு, எரிபொருள் நீங்கிய பணவீக்கம் 5 விழுக்காட்டை ஒட்டி இருந்து, இறங்கிக்கொண்டும் இருந்தது. ஆகஸ்ட் 10இல் ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.50லேயே நிறுத்திவைத்தது. நாற்று நட்டால் இரண்டு மூன்று மாதத்தில் தக்காளி பறிக்கலாம். வட்டி வேலை செய்யவோ அதைவிட நீண்ட காலம் ஆகும். செப்டம்பரில் புது வரத்து வந்ததும் தக்காளி விலை சரிந்தது, பணவீக்கமும் 5.02 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆகஸ்டில் வட்டியை ஏற்றியிருந்தால், அதன் வலி தக்காளி மலிந்த பிறகே வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கும். அன்று செய்ய வேண்டியதை அரசு கூட்டுறவு அமைப்புகள் செய்தன: இந்தப் பகுதி உட்படப் பல மண்டிகளில் தக்காளியை வாங்கி, விலை மிக ஏறிய நகரங்களில் குறைத்து விற்றன.

சங்கத்தின் கோரிக்கைகள்

ஒன்று: 4 விழுக்காடு என்ற பணவீக்க இலக்கைத் தளர்த்தக் கூடாது. விலையேற்றம் எல்லாப் பொருள்களுக்கும் பரவும்போது வட்டியை உயர்த்தத் தாமதிக்கவும் கூடாது.

இரண்டு: காய்கறி விலையேற்றத்தை வரத்தைக் கூட்டித் தீர்க்க வேண்டும். கோலார் மாவட்டத்தில் நோய் தாங்கும் நாற்றும், குளிர்பதன வசதியும், தக்காளி பதப்படுத்தும் ஆலைகளும் இதற்கான வழி. இது மத்திய, மாநில அரசுகளின் வேலை.

மூன்று: ரெப்போ உயரும்போது கடன் வட்டியை ஏற்றும் அதே வேகத்தில் வங்கிகள் வைப்புத்தொகை வட்டியையும் ஏற்ற வேண்டும். தவணை, காலம், நிலுவை அசல் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றத்தைக் கடன்தாரருக்குத் தெரிந்த மொழியில் எழுதித் தர வேண்டும்.

நான்கு: ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்தி, ஆண்டுதோறும் நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி திருத்த வேண்டும். பணவீக்கம் 7இலிருந்து 4க்கு இறங்கினால் விலை இறங்கியதாகப் பொருள் இல்லை. மெதுவாக ஏறுகிறது என்றே பொருள். ஏறிவிட்ட விலையை எந்த ரெப்போ விகிதமும் கீழே கொண்டுவராது. 2014இல் 1,000 ரூபாய் போதும் என்று கணக்கிட்டவர்கள், அதே கணக்கை இன்றைய குறியீட்டில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது.