மழைக்கால வடிகால் வேலை: நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்ததாரரா?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் வந்தால் பேரூராட்சி, நகராட்சி மன்றங்களில் ஒரு தீர்மானம் நிறைவேறும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகால்களைத் தூர்வார ஆட்கள் போதவில்லை, ஒப்பந்த அடிப்படையில் பணியாளர்களை அமர்த்தலாம் என்பதே அந்தத் தீர்மானம். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. மழை மூன்று மாதம்தான், மூன்று மாத வேலைக்கு நிரந்தர ஆளை எப்படி எடுப்பது என்ற வாதம் நியாயமாகத்தான் தெரிகிறது.

அந்த வேலைக்கு வருகிறவர்கள் யார் என்பது ஊருக்குத் தெரியும். பெரும்பாலும் அருந்ததியர், இல்லையென்றால் வேறு பட்டியல் சாதிக் குடும்பத்தினர். அதனால் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்ததாரரா என்ற கேள்வி வெறும் நிர்வாகக் கேள்வி அல்ல. அதற்காக உணர்ச்சியை மட்டும் வைத்து வாதாட வேண்டியதும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாலே உண்மை வெளியே வரும்.

எடுத்துக்காட்டாக, 12 கிலோமீட்டர் வடிகால் உள்ள ஒரு பேரூராட்சியை வைத்துக்கொள்வோம். மண்வெட்டி, வாரியுடன் ஒருவர் ஒரு நாளில் 20 மீட்டர் நீளம் தூர்வாரிச் சேற்றைக் கரையில் எடுத்துப் போட முடியும் என்று கொள்வோம். அப்படியானால் ஊர் முழுவதையும் ஒருமுறை சுத்தம் செய்ய 600 ஆள் நாள் வேண்டும். ஜனவரி முதல் ஆகஸ்ட் பாதி வரை இரண்டு சுற்று, மழைக்கு முன்பு ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் முடிய ஒரு சுற்று, மழைக்காலத்தில் அடைப்பு எடுக்கத் தினமும் எட்டுப் பேர் என்பது ஓராண்டின் வேலை.

வார விடுமுறை, இதர விடுப்பு போக ஜனவரி முதல் ஆகஸ்ட் பாதி வரை ஒரு பணியாளர் சுமார் 180 நாள் வேலை செய்வார். இரண்டு சுற்றுக்கு 1,200 ஆள் நாள் என்றால் ஏழு பேர் வேண்டும். மழைக்கு முந்தைய ஆறரை வாரத்தில் ஒருவருக்கு 36 வேலை நாள்தான் கிடைக்கும்; 600 ஆள் நாளுக்கு 17 பேர் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒருநாள்கூட விடாமல் எட்டுப் பேர் களத்தில் நிற்க, விடுமுறைக்கு மாற்று ஆளையும் சேர்த்துப் பத்துப் பேர் வேண்டும்.

ஆக ஏழு, பதினேழு, பத்து. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஏழு பேருக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. அது மழைக்கால வேலையே அல்ல. உண்மையான பருவகால வேலை என்பது செப்டம்பர் முடிய கூடுதலாகப் பத்துப் பேர், அதன்பின் டிசம்பர் வரை கூடுதலாக மூன்று பேர் மட்டுமே.

நடப்பது என்ன? அந்த ஏழு பணியிடங்களில் ஓய்வு பெற்றவர், இறந்தவர் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. எட்டு மாதம் வடிகாலை யாரும் தொடுவதில்லை. சேறு இறுகி, அதன் மேல் புல் முளைத்த பிறகு, செய்யாமல் விட்ட எட்டு மாத வேலையும் சேர்ந்து ஆகஸ்டில் 'பருவகால வேலை' என்ற பெயரில் டெண்டருக்குப் போகிறது. பருவமழை உண்டாக்கிய வேலை பாதி, காலிப் பணியிடம் உண்டாக்கிய வேலை பாதி. எனவே முதல் முடிவு எளிது. ஆண்டு முழுவதும் வேலை உள்ள அந்த ஏழு இடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். இட ஒதுக்கீடு உயிரோடு இருப்பதும் அந்த இடங்களில்தான். ஒப்பந்ததாரரின் ஆள் பட்டியலுக்கு இட ஒதுக்கீடு கிடையாது.

மிச்சமுள்ள பத்துப் பேரையும் நிரந்தரமாக்கு என்று கேட்பது சரியாக இருக்காது. ஏழரை மாதம் வேலையில்லாமல் பத்துப் பேருக்குச் சம்பளம் தர ஒரு சிறிய பேரூராட்சியின் வரி வருவாய் தாங்காது. ஆனால் நிரந்தரம் இல்லையென்றால் ஒப்பந்ததாரர்தான் என்பதும் சரியில்லை. மூன்றாவது வழி ஒன்று நம் மாநிலத்திலேயே நடைமுறையில் இருந்து வருகிறது. நுகர்பொருள் வாணிபக் கழகம் நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் என்று நேரடியாகவே ஆள் எடுக்கிறது. சர்க்கரை ஆலைகளில் அரவைப் பருவத்துக்கு மட்டும் வரும் பருவகாலத் தொழிலாளர்கள் உண்டு. அடுத்த பருவத்தில் அதே ஆளைத்தான் திரும்ப அழைப்பார்கள். இடைப்பட்ட காலத்தில் வேறெங்கும் போய்விடாமலிருக்க ஒரு படி கொடுக்கும் வழக்கமும் சர்க்கரைத் தொழிலில் வந்தது. வேலை பருவத்துக்கு உரியதாக இருக்கலாம், உறவு நிரந்தரமாக இருக்கலாம் என்பதற்கு இவை சாட்சி.

அதேபோல் பேரூராட்சியும் ஒரு பருவகாலப் பட்டியல் வைத்துக்கொள்ளலாம். எல்லாச் சமூகத்தினரும் விண்ணப்பிக்கும்படி அறிவித்து, பேரூராட்சியே நேரடியாக அமர்த்தி, கூலியை வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த ஆண்டு மூப்பு வரிசைப்படி அழைக்க வேண்டும். நிரந்தர இடம் காலியானால் அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை கேட்கலாம்.

இதற்கு அதிகம் செலவாகும் என்பார்கள். அதையும் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, நாள் கூலி 500 ரூபாய் என்று கொள்வோம். பி.எஃப். பொருந்தும் இடத்தில் வேலை தருபவர் பங்கும் இதர கட்டணமும் சேர்ந்து 13 சதவீதம், 65 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 16 ரூபாய் 25 காசு. மொத்தம் 581 ரூபாய் 25 காசு. நேரடியாக அமர்த்தினால் இதுதான் செலவு. ஒப்பந்ததாரர் இதன் மேல் பத்து சதவீதம் லாபம் வைத்தால் 639 ரூபாய். பருவகால வேலை மொத்தம் 576 ஆள் நாள். ஆக நேரடி நியமனத்தால் பேரூராட்சிக்கு மிச்சம் சுமார் 33 ஆயிரம் ரூபாய். பெரிய தொகை அல்ல.

ஆனால் நேர்மையான ஒப்பந்ததாரர் 639 கேட்கும் இடத்தில் இன்னொருவர் 520 ரூபாய்க்கு டெண்டர் போடுவார். குறைந்த தொகை என்று அவருக்கே வேலை போகும். கூலியும் பி.எஃப்., இ.எஸ்.ஐ.யும் கொடுத்தாலே 581 ரூபாய் ஆகும் வேலையை 520க்கு ஒருவர் எப்படிச் செய்வார்? மூன்றே வழிதான் உண்டு. கூலியைக் குறைக்க வேண்டும், அல்லது பி.எஃப். பணத்தைக் கட்டாமல் விட வேண்டும், அல்லது ஏட்டில் 17 பேரை எழுதித் தெருவில் 11 பேரை இறக்க வேண்டும். டெண்டர் திறந்த அன்றே இது தெரிந்துவிடும். மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலியோடு 16.25 சதவீதத்தைக் கூட்டுங்கள். அதற்குக் கீழே உள்ள எந்தத் தொகையும் தொழிலாளியின் வயிற்றிலிருந்து எடுப்பதுதான்.

ஏட்டில் 17, தெருவில் 11 என்றால் என்ன ஆகும்? 36 நாளில் அவர்களால் 8 கிலோமீட்டர்தான் முடியும். மீதி 4 கிலோமீட்டரில் மேலோட்டமாகக் குப்பையை மட்டும் அள்ளிவிட்டுப் பில் எழுதுவார்கள். அந்த 4 கிலோமீட்டர் கடைவீதியில் இருக்காது. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் தாழ்வான இடத்தில், காலனிப் பக்கத்தில்தான் இருக்கும். வேலை செய்தவருக்குக் கூலி குறைகிறது, முதல் மழையில் அவர் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருகிறது.

ஒப்பந்தத்தை நியாயப்படுத்த, இது இடைக்கால வேலை என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே இதற்கு ஒரு கோடு போட்டிருந்தது. பருவகாலத் தன்மையுள்ள வேலை ஓராண்டில் 60 நாளுக்கு மேல் நடந்தால் அதை இடைக்கால வேலை என்று கருதக் கூடாது என்றது அது. நம் கணக்கில் பருவ வேலை ஆகஸ்ட் பாதியிலிருந்து டிசம்பர் வரை நாலரை மாதம் நடக்கிறது. 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டமோ, ஒரு நிறுவனத்தின் மைய வேலையில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்று சொல்லிவிட்டு, தூய்மைப் பணியை மைய வேலையிலிருந்து விலக்கி வைத்தது. ஆனால் அந்த நிறுவனம் அந்த வேலைக்காகவே அமைக்கப்பட்டிருந்தால் விலக்கு இல்லை என்றும் அதே வரையறை சொல்கிறது. அரசமைப்பின் 12ஆவது அட்டவணை நகர உள்ளாட்சிகளுக்கு உரிய பணிகளில் பொதுச் சுகாதாரத்தையும் துப்புரவையும் எழுதி வைத்திருக்கிறது. ஊரைச் சுத்தமாக வைப்பது மைய வேலை இல்லையென்றால் பேரூராட்சியின் மைய வேலை வேறு எது என்று கேட்க இங்கே இடம் இருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பல ஊர்களில் மழைநீர் வடிகாலில் வீட்டுச் செப்டிக் டேங்க் குழாயையும் விட்டிருக்கிறார்கள். அங்கே தூர்வாருவது என்றால் மலத்தில் இறங்குவது. 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் நிரந்தர ஆள், ஒப்பந்த ஆள் என்று வேறுபாடு பார்ப்பதில்லை. சாக்கடையில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டெண்டர் விட்டுவிட்டால் பொறுப்பும் போய்விடும் என்று மன்றங்கள் நினைத்தால் அது தவறு.

ஒப்பந்ததாரருக்கு இடமே இல்லையா? இருக்கிறது. பெரிய வாய்க்காலுக்குப் பொக்லைன், அடைத்த குழாய்க்கு நீர் பீய்ச்சும் இயந்திரம் ஆகியவை ஆண்டுக்குப் பதினைந்து இருபது நாள்தான் தேவைப்படும். அவற்றை வாங்கி நிறுத்தி வைப்பது வீண், வாடகைக்கு எடுப்பதே சரி. அங்கேயும் நீளத்தை அளந்து பணம் தரக் கூடாது. கிடங்கில் வந்து இறங்கிய சேற்றின் அளவுக்குத்தான் தர வேண்டும். கரையில் குவித்துவிட்டுப் போன சேறு முதல் மழையிலேயே வடிகாலுக்குத் திரும்பிவிடும்.

நிரந்தர வேலை கேட்பது சாதித் தொழிலை நிரந்தரமாக்காதா என்று நம் இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒப்பந்த முறை அந்தத் தொழிலை ஒழிக்கவில்லை. அதே ஆட்களை அதே வேலையில் குறைந்த கூலிக்கு வைத்திருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வீட்டில்தான் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை முன்கூட்டியே திட்டமிட முடியும். தொழிலை விட்டு வெளியேறும் வழி அங்கிருந்துதான் தொடங்குகிறது. இயந்திரம் வரும்போது அதை ஓட்டும் வேலைக்கு உரிமை கேட்கவும் நிரந்தரப் பணியாளரால்தான் முடியும்.

இந்த ஆண்டு உங்கள் ஊரிலும் அந்தத் தீர்மானம் வரும். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நான்கு நகல்கள் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடங்களும் காலியிடங்களும், ஒப்பந்ததாரரின் வருகைப் பதிவேடு, பி.எஃப். கட்டிய ரசீது, சேறு ஏற்றிய வண்டிகளின் நடைக் கணக்கு. வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்கள் பி.எஃப். பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு காலனிப் பக்கக் கல்வெட்டுக்கு அடியில் ஒரு குச்சியை விட்டு ஆழம் பாருங்கள். குச்சி சேற்றில் நின்றால், அந்தப் பில்லுக்குப் பணம் தரும் முன் மன்றத்தில் பதில் கேட்க வேண்டியது உங்கள் வார்டு உறுப்பினரின் கடமை.