கடைசி நாளைச் சொல்லும் கடமை

2025 செப்டம்பர் முதல் வாரத்தில் இராசபாளையத்து ஆடிட்டர் ஒருவர் தம் வாடிக்கையாளர்களுக்குக் கைப்பேசியில் ஒரு நாட்காட்டிப் படம் அனுப்பினார். அவர் அலுவலகத்தில் மாலை வேளைகளில் எழுத்து வேலை பார்க்கும் எனக்கும் அது வந்தது. "தணிக்கை தேவைப்படாதவர்கள் 2024-25ஆம் நிதியாண்டின் வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 15.9.2025. தவறினால் ரூ.5,000 வரை தாமதக் கட்டணம் உண்டு. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் போகலாம். தங்களுக்கு எது பொருந்தும் என்பதை ஆவணங்களுடன் வந்து தெரிந்துகொள்ளவும்" என்று அதன் கீழே எழுதியிருந்தது.

கல்லூரிக்கு வரும் பேருந்தில் நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "இதென்ன, பட்டும் படாமலும் எழுதியிருக்கிறார்! வரி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தால் எத்தனை பேர் நிம்மதியாக இருப்பார்கள்!" என்றார். அந்த ஒரு வரியைச் சேர்க்காததே அந்த ஆடிட்டரின் நேர்மை என்பது என் கருத்து.

அந்த வரியை இருவர் படிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆண்டுக்கு ரூ.2,40,000 ஊதியம் பெறும் ஆலைத் தொழிலாளி. அவர் பொதுவாகக் கணக்கே தாக்கல் செய்ய வேண்டியதில்லை. அந்த வரியால் அவருக்குத் தீங்கில்லை.

மற்றவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரூ.8,50,000 ஊதியம் பெறும் ஓர் ஆசிரியர். பழைய முறையில் நிலையான கழிவு ரூ.50,000, சேமநிதி, காப்பீட்டுக்காக ரூ.1,50,000, வீட்டுக்கடன் வட்டி ரூ.1,50,000 ஆகியவற்றைக் கழித்தால் மீதி ரூ.5,00,000. அதற்கு வரித் தள்ளுபடி கிடைப்பதால் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. ஊதியத்திலும் வரி பிடிக்கவில்லை. ஆகவே அவரும் தம்மை 'வரி இல்லாதவர்' என்றே எண்ணுவார். ஆற அமரத் தாக்கல் செய்துகொள்ளலாம் என்று இருந்துவிடுவார்.

கெடு தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. தாமதமாகத் தாக்கல் செய்பவர் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. புதிய முறையில் அவருக்குக் கிடைப்பது ரூ.75,000 நிலையான கழிவு மட்டுமே. மீதி ரூ.7,75,000. அவ்வாண்டில் தள்ளுபடி ரூ.7,00,000 வரைதான். எனவே வரி ரூ.27,500, அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வை ரூ.1,100, தாமதக் கட்டணம் ரூ.5,000. ஆக ரூ.33,600. வட்டி தனி. தொழிலாளிக்கு ஆறுதலாக இருந்த அதே வரி ஆசிரியருக்குக் கடன் ஆகிவிட்டது! எழுதியவர் பொய் சொல்லவில்லை; யார் படிக்கிறார் என்பதை அறியாமல் அறிவுரை சொன்னார், அவ்வளவே.

அதற்காக, "ஆடிட்டரைக் கேளுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வதும் சரியன்று. நாள் எது, அது யாருக்கு உரியது, தவறினால் சட்டம் என்ன செய்யும் என்பவை எல்லோருக்கும் பொதுவான செய்திகள். அவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உமக்கு வரி உண்டா, எந்த முறை இலாபம் என்பவை ஒருவருடைய தாள்களைப் பார்த்த பிறகே சொல்லத் தக்கவை. எல்லைக்கோடு இங்கேதான் இருக்கிறது. "குறைந்த கட்டணம், எங்களிடமே வாருங்கள்" என்று விளம்பரம் செய்து புதியவர்களை அழைப்பதும் கூடாது. பட்டயக் கணக்காளர்களுக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்கிறது.

அந்தக் குறிப்பிலும் ஒரு குறை கண்டேன். அது எழுதப்பட்ட நாள் அதில் இல்லை. அவ்வாண்டில் சூலை 31 ஆக இருந்த கெடுவை, மத்திய நேரடி வரிகள் வாரியம் மே 27 அன்று செப்டம்பர் 15க்குத் தள்ளிவைத்தது. கெடு நெருங்கியபோது, செப்டம்பர் 30 வரை நீட்டித்துவிட்டார்கள் என்று ஒரு போலி அறிவிப்பு கைப்பேசிகளில் உலவியது. வருமானவரித் துறை அதைப் பொய் என்று மறுத்தது. பிறகு 15ஆம் தேதி இரவில் உண்மையாகவே ஒரே ஒரு நாள், 16ஆம் தேதி வரை, நீட்டித்தார்கள்! போலியை நம்பிக் காத்திருந்தவருக்கு அந்த ஒரு நாளால் என்ன பயன்?

ஆகவே, "இது இன்ன நாளின் நிலவரம், மாற்றம் உண்டா என்பதை வருமானவரித் துறையின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளவும்" என்ற ஒரு வரியை நான் சேர்ப்பேன். தாக்கல் செய்தபின் 30 நாளுக்குள் அதைச் சரிபார்த்து உறுதி செய்யவேண்டும் என்பதையும் சேர்ப்பேன். அதைச் செய்யாத கணக்கு தாக்கல் செய்த கணக்காகாது.

முன்பின் பார்க்காதவருக்கு மருந்துச் சீட்டு எழுதித் தராத மருத்துவரை நாம் கஞ்சன் என்று சொல்வதில்லை. தாள்களைப் பார்க்காமல் "கவலை வேண்டாம்" என்று சொல்ல மறுக்கும் ஆடிட்டரையும் அப்படிச் சொல்லலாகாது.