ஊருக்கெல்லாம் பூட்டு செய்தவரும் என்னுடைய கடைசி வரியும்

1/ இன்னைக்கு மருந்து, மாத்திரை பற்றி இல்லை. நோயாளிகளைப் பற்றி நாங்க எழுதுற அனுபவப் பதிவுகளை எப்படி முடிக்கணும் என்பது பற்றி. இதில் நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2/ திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் பூட்டு செய்யும் பெரியவர் ஒருத்தர். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கேன்.) வருஷக்கணக்கா சர்க்கரை. பாத நரம்புகள் மரத்துப்போனதால், காலில் குத்திய இரும்புத் துணுக்கே அவருக்குத் தெரியலை. சீழ் பிடித்த பிறகுதான் வந்தார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி: "மறுபடி எப்ப நின்னு வேலை பார்க்கலாம் டாக்டர்?"

3/ இதை ஒரு பதிவா எழுதினேன். கடைசி வரி: "ஊருக்கெல்லாம் பூட்டு செய்தவர், தன் உடம்பைப் பூட்டி வைக்க மறந்துவிட்டார்." லைக் குவிந்தது. அடுத்த வாரம் கட்டு மாற்ற அவரைக் கூட்டி வந்த மகள் சொன்னார்: "படிச்சேன் சார். ஆனா அப்பா மறக்கல. ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்குக் கூலி போயிடும், கையில இருக்கிற ஆர்டர் முடியட்டும்னு இருந்தாரு."

4/ எனக்குச் சுருக்குன்னு இருந்தது. அவர் ஏன் தாமதமா வந்தார்னு நான் கேட்கவே இல்லை. மருத்துவத்தில் இதே தவறுக்கு ஒரு பேர் உண்டு, 'பிரிமெச்சூர் க்ளோஷர்'. பொருந்துற மாதிரி ஒரு நோய் மனசில் தோன்றியதும், மேலே தேடாமல் கோப்பை மூடிவிடுவது. என் கடைசி வரி அதைத்தான் செய்தது. அழகா இருந்ததால், உண்மையான்னு யாரும் பார்க்கலை. நானும்தான்.

5/ சரின்னு அந்த வரியை வெட்டினேன். இப்போ பதிவு "இரண்டு விரல்களை எடுத்தோம்" என்பதோடு நின்றது. படித்த நண்பர் கேட்டார், "மிச்சம் எங்கே?" நியாயமான கேள்வி. நீதியை எடுத்துவிட்டால் மட்டும் முடிவு வந்துடாது. பஸ் பாதி வழியில் நின்ற மாதிரிதான் இருக்கும்.

6/ என்ன குறைஞ்சதுன்னு யோசித்தேன். பெரியவர் தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டார் இல்லையா, அது அந்தரத்திலேயே நின்றது. வாசகர் மனசில் இரண்டு கேள்விகள் ஓடும். சின்னது: இவர் மறுபடி நிற்பாரா? பெரியது: கூலியா காலான்னு ஒருத்தர் ஏன் யோசிக்க வேண்டியிருக்கு? சின்னக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் போதும், பதிவு முடிந்த உணர்வு வந்துவிடும். பெரிய கேள்வியைத் திறந்தே விடலாம்.

7/ செகாவும் ஒரு டாக்டர்தான். 1899இல் வெளிவந்த அவருடைய 'நாய்க்காரச் சீமாட்டி' கதையைப் பாருங்க. ஏற்கெனவே வேறு வேறு துணையோடு இருக்கும் இருவர் காதலிக்கிறார்கள். இனிதான் கடினமான பகுதி என்று இருவருக்கும் புரிவதோடு கதை முடிகிறது. சேர்ந்தார்களா, தெரியாது. ஆனால் பொழுதுபோக்காகத் தொடங்கியது உண்மையான அன்பாக மாறிவிட்டது என்பது தெரிந்துவிடுகிறது. அந்த மாற்றம் முடிந்த இடத்தில் அவர் பேனாவை வைத்துவிட்டார்.

8/ நான் மாற்றி எழுதிய முடிவு இது: ஆறாவது வாரம், புண் ஆறிடுச்சு. எம்.சி.ஆர். செருப்பு போட்டு வந்தார். அதே கேள்வி. "நிற்க வேண்டாம்யா, உட்கார்ந்து பாருங்க"ன்னேன். "உட்கார்ந்தா அரத்துல பாரம் இறங்காது டாக்டர்"னார். கொஞ்ச நேரம் செருப்பையே பார்த்துட்டு, "உசரமா ஒரு ஸ்டூல் போட்டுப் பார்க்குறேன்"னு கிளம்பினார்.

9/ உங்க பதிவைச் சோதிக்க ஒரு வழி. கடைசிப் பத்தியை விரலால் மறைத்துப் படிங்க. நடந்த விஷயம் ஒன்று காணாமல் போனால் அது முடிவு. உங்க அபிப்பிராயம் மட்டும் காணாமல் போனால் அது நீதி. தாராளமா வெட்டலாம்.

10/ "அப்போ டாக்டர் அறிவுரையே சொல்லக் கூடாதா?" சொல்லணும். மரத்துப்போன காலில் புண் வலிக்காது, அதனால் சர்க்கரை உள்ளவங்க தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்க்கணும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் டாக்டரே இல்லை. ஆனால் இதன் இடம் நடுவில், இரும்புத் துணுக்கு வரும் பத்தியில். கடைசியில் வைத்தால் அது அந்த மனுஷன் மேல் தீர்ப்பா விழும்.

11/ மாற்றி எழுதியதை மகளுக்கு அனுப்பினேன். அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினாராம். முழுசும் கேட்டுட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதானாம்: "ஸ்டூல் இன்னும் கொஞ்சம் உசரம் வேணும்னு டாக்டர்கிட்ட சொல்லு."